தடுப்பூசி உடம்புக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறது? டெட்டனஸ் ஊசியை வைத்துச் சில கேள்விகள்

தடுப்பூசிகள் பல வகை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் இங்கே ஒரே ஒரு ஊசியின் பின்னால் போகிறோம். டெட்டனஸ் ஊசி அநேகமாக எல்லாரும் போட்டுக்கொண்டிருக்கும் ஊசி. அது கைக்குள் போனதிலிருந்து பல ஆண்டுகள் கழிந்தபின் வரை என்ன நடக்கிறது என்று பார்த்தால், உடம்பு எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பது நன்றாகவே புரிந்துவிடும்.

கீழே விழுந்து அடிபட்டால் உடனே டிடி ஊசி போடுகிறார்களே, அது காயத்தை ஆற்றுவதற்கா?

இல்லை. காயம் அதன் போக்கில் ஆறும், அதற்கு இந்த ஊசி எதுவும் செய்யாது. பயம் வேறு. மண்ணிலும் தூசியிலும் விலங்குகளின் சாணத்திலும் க்ளாஸ்ட்ரிடியம் டெட்டனி என்ற பாக்டீரியா விதை போன்ற உறங்கும் வடிவத்தில் கிடக்கிறது. அந்த வடிவத்துக்கு ஸ்போர் என்று பெயர். வெயில், வறட்சி எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு பல ஆண்டுகள் அப்படியே இருக்கும். ஆழமான காயத்தில் அது புகுந்துவிட்டால், காற்று புகாத அந்த இடம் அதற்கு மிகவும் பிடித்துப்போகும். ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில்தான் இந்த பாக்டீரியா விழித்துக்கொண்டு பெருகும், பெருகும்போது ஒரு நச்சை வெளிவிடும். ஊசி அந்த நச்சை எதிர்ப்பதற்காகத்தான்.

அந்த நச்சு உடம்பில் அப்படி என்ன செய்யும்?

நீ கையை மடக்கும்போது முன்பக்கத் தசை சுருங்குகிறது, பின்பக்கத் தசை தளர்கிறது. தளரச் சொல்வதும் நரம்புகளின் வேலைதான். தண்டுவடத்தில் இருக்கும் சில நரம்பு செல்கள் 'போதும், விடு' என்ற சேதியைத் தரும் வேதிப்பொருளை வெளிவிடுகின்றன. டெட்டனஸ் நச்சு நரம்பின் நுனியில் ஒட்டி, நரம்பின் உள்ளேயே மேலேறித் தண்டுவடத்தை அடைகிறது. அங்கே, அந்த வேதிப்பொருளை வெளியே அனுப்ப உதவும் ஒரு புரதத்தை வெட்டிவிடுகிறது. அப்புறம் தளரச் சொல்ல ஆளில்லை. தசைகள் இறுகியபடியே நிற்கின்றன. பெரும்பாலும் தாடைதான் முதலில் இறுகும், வாயைத் திறக்க முடியாது. பிறகு கழுத்து, முதுகு, வயிறு. மூச்சுவிட உதவும் தசைகளும் இறுகினால் உயிருக்கே ஆபத்து.

காயம் பட்டதற்கும் இது தொடங்குவதற்கும் நடுவே பொதுவாக 3 முதல் 21 நாள் வரை ஆகலாம். இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் வருமாமே?

துருவுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இல்லை. துருப்பிடித்த ஆணி பெரும்பாலும் மண்ணில் கிடந்திருக்கும், குத்தினால் ஆழமாக இறங்கும், அவ்வளவுதான் காரணம். புத்தம்புது ஆணியில் மண் ஒட்டியிருந்தாலும், ஏன், ஒரு முள் குத்தினாலும் வரலாம்.

அப்போ ஊசிக்குள் இருப்பது என்ன? அந்த நச்சையேவா உள்ளே செலுத்துகிறார்கள்?

நச்சிலிருந்து செய்த ஒன்றைச் செலுத்துகிறார்கள். ஆனால் அது நச்சு வேலை செய்யாது.

தொழிற்சாலையில் பாக்டீரியாவை வளர்த்து, அது வெளிவிடும் நச்சை வடிகட்டி எடுக்கிறார்கள். அந்த நீர்மத்தில் ஃபார்மால்டிஹைடைக் கலந்து, உடம்புச் சூட்டை ஒட்டிய வெப்பத்தில் வாரக்கணக்கில் வைக்கிறார்கள். ஃபார்மால்டிஹைடு அந்தப் புரதத்தின் பகுதிகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். நரம்பில் ஒட்டவும் வெட்டவும் தேவையான அசைவு போய்விடுகிறது. ஆனால் மேற்பரப்பின் வடிவம் பெருமளவு அப்படியே இருக்கிறது. இப்படி முடக்கப்பட்ட நச்சுக்கு டாக்ஸாய்டு என்று பெயர். 1920களில் பிரான்சில் கஸ்தோன் ரமோன் என்ற அறிவியலாளர் இந்த முறையை உருவாக்கினார். உடம்பின் எதிர்ப்பு செல்கள் பார்ப்பது வடிவத்தைத்தான் என்பதால் இந்த வித்தை பலிக்கிறது.

ஊசியில் பாக்டீரியாவே இல்லை என்பதையும் கவனி. அதனால் இந்த ஊசியால் டெட்டனஸ் வரவே முடியாது.

ஃபார்மால்டிஹைடு விஷமாச்சே?

அதிக அளவில் கெடுதல்தான். அதனால் டாக்ஸாய்டைத் தயாரித்த பிறகு சுத்திகரித்து விடுகிறார்கள். ஊசியில் எஞ்சுவது மிக மிகக் குறைந்த அளவு. உன் உடம்பே சாதாரண வேலைகளின்போது ஃபார்மால்டிஹைடை உண்டாக்குகிறது, உடனே மாற்றியும் விடுகிறது. இரத்தத்தில் எந்நேரமும் சிறிதளவு இருந்துகொண்டே இருக்கும்.

ஊசி போட்டதும் கைக்குள் என்ன நடக்கிறது? ஏன் இரண்டு நாளைக்கு வலிக்கிறது?

உள்ளே போவது அரை மில்லிலிட்டர், பத்து சொட்டு அளவு. அதில் டாக்ஸாய்டோடு அலுமினிய உப்பின் மிகச் சிறு துகள்களும் இருக்கும். டாக்ஸாய்டு அந்தத் துகள்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெறும் டாக்ஸாய்டை மட்டும் செலுத்தினால் உடம்பு அதை அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. இத்தகைய உப்பைச் சேர்த்தால் எதிர்ப்பு பல மடங்கு கூடுகிறது என்று 1926இல் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் கிளென்னி கண்டுபிடித்தார். துகள்கள் அந்த இடத்தில் ஒரு சிறு எரிச்சலை உண்டாக்குகின்றன. இங்கே ஏதோ சரியில்லை என்று திசு வேதிச் சேதிகளை அனுப்புகிறது. இரத்தக் குழாய்கள் அகலமாகின்றன, வெள்ளையணுக்கள் வந்து சேர்கின்றன. இடம் சிவந்து, சூடாகி, வலிக்கிறது. அதே சேதிகளில் சில மூளைக்குப் போனால் லேசான காய்ச்சலும் வரும்.

வந்து சேரும் செல்களில் ஒரு வகை இந்தக் கதைக்கு மிக முக்கியம். அவற்றின் பெயர் டென்ட்ரைட்டிக் செல். உடம்பெல்லாம் கிளை போன்ற நீட்சிகளோடு இருக்கும் இவற்றை 1973இல் ரால்ஃப் ஸ்டைன்மனும் சான்வில் கோனும் அடையாளம் கண்டார்கள். டென்ட்ரைட்டிக் செல் டாக்ஸாய்டை விழுங்கி, பத்துப் பதினைந்து அமினோ அமிலம் நீளமுள்ள சிறு துண்டுகளாக நறுக்கி, அந்தத் துண்டுகளைத் தன் மேற்பரப்பில் வெளியே தெரியும்படி மாட்டிக்கொள்கிறது. பிறகு நிணநீர்க் குழாய் வழியாகப் பயணம் போகிறது. கையில் போட்ட ஊசியென்றால், போய்ச் சேரும் இடம் அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணு. உடம்பில் எங்காவது புண் வந்தால் அக்குளிலோ கழுத்திலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டுமே, அப்போது வீங்குவது இந்தக் கணுதான். பாடம் நடக்கும் இடமும் அதுவே.

எனக்கு டெட்டனஸ் வந்ததே இல்லையே. அந்த வடிவம் என் உடம்புக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. ஆனால் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

யாரையும் அளவெடுக்காமலேயே கோடிக்கணக்கான சட்டைகளை, ஒவ்வொன்றும் வேறு வேறு அளவில், தைத்து வைத்திருக்கும் ஒரு தையல்கடையை நினைத்துக்கொள். யார் வந்தாலும் ஏதாவது ஒரு சட்டை ஏறத்தாழ பொருந்தும். உன் எலும்பு மஜ்ஜை அப்படித்தான் நடந்துகொள்கிறது. அங்கே நாள்தோறும் பி செல் என்ற வெள்ளையணுக்கள் பிறக்கின்றன. ஒவ்வொரு பி செல்லும் பிறக்கும்போது, சில மரபணுத் துண்டுகளைக் கலைத்துப்போட்டுச் சேர்த்து, தனக்கென்று ஒரு வடிவமுள்ள ஏற்பியைச் செய்துகொள்கிறது. ஏற்பி என்பது செல்லின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு புரதம். ஒரு பி செல்லின் மேல் உள்ள ஏற்பிகள் எல்லாம் ஒரே மாதிரி, ஆனால் பக்கத்துச் செல்லின் ஏற்பி வேறு மாதிரி. மரபணுக்கள் இப்படிக் கலைந்து சேர்கின்றன என்பதை சுசுமு தோனெகவா நிரூபித்தார். அதற்காக அவருக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது.

உன் உடம்பின் சொந்தப் புரதங்களில் ஒட்டிக்கொள்ளும் பி செல்கள் பெரும்பாலும் மஜ்ஜையிலேயே நீக்கப்படுகின்றன. மிச்சம் இருப்பவை நிணநீர்க் கணுக்களிலும் இரத்தத்திலும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. நீ டெட்டனஸைப் பார்ப்பதற்கு முன்பே, அதன் நச்சில் அரைகுறையாக ஒட்டக்கூடிய சில பி செல்கள் உனக்குள் இருக்கின்றன. எண்ணிக்கைதான் மிகக் குறைவு.

ஆகவே தடுப்பூசி புதிதாக எதையும் சொல்லித் தருவதில்லை. ஏற்கெனவே இருக்கிற கூட்டத்திலிருந்து பொருந்துகிறவர்களை வெளியே இழுத்து, பெருக வைக்கிறது. பயிற்சி என்று சொல்வது இந்தத் தேர்வைத்தான். 1957இல் ஆஸ்திரேலியாவின் மக்ஃபார்லேன் பர்னெட் இந்தக் கருத்தை முன்வைத்தார், அது சரியென்று பிறகு நிறுவப்பட்டது.

சரி, பொருந்தும் பி செல் கிடைத்துவிட்டது. அப்புறம்?

நச்சைப் பிடித்து முடக்கும் புரதமான ஆன்டிபாடியை உடனே கொட்டிவிடாது. அதற்கு இன்னொருவரின் சம்மதம் வேண்டும்.

பி செல் டாக்ஸாய்டைப் பிடித்து உள்ளே இழுத்து, நறுக்கி, துண்டுகளை வெளியே காட்டுகிறது. இதற்கிடையே, டென்ட்ரைட்டிக் செல் மாட்டிக்கொண்டு வந்த அதே துண்டுகளைப் பார்த்து, உதவி டி செல் என்ற வேறொரு வகைச் செல் விழித்திருக்கும். பி செல் காட்டும் துண்டும் டி செல்லுக்குத் தெரிந்த துண்டும் ஒன்றாக இருந்தால்தான் டி செல் 'பெருகு' என்ற சேதியைத் தரும். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் வேலை தொடங்குகிறது. நம் சொந்த உடம்பையே தவறாகத் தாக்கிவிடாமல் இருக்க இது ஒரு நல்ல தடுப்பு.

சம்மதம் கிடைத்ததும் சில பி செல்கள் அவசர அவசரமாக முதல் ஆன்டிபாடிகளைச் செய்கின்றன. அவை அவ்வளவு இறுக்கமாக ஒட்டுவதில்லை. மற்ற பி செல்கள் கணுவுக்குள் முளைமையம் என்று அழைக்கப்படும் ஒரு நெரிசலான இடத்தில் கூடுகின்றன. ஊசி போட்டு ஒரு வாரம் ஆகும்போது அது உருவாகியிருக்கும்.

அங்கே நடப்பது ஆச்சரியமானது. பி செல்கள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகின்றன. பிரியும்போது ஏற்பிக்கான மரபணுவில் மட்டும் வேண்டுமென்றே எழுத்துப் பிழைகளைச் செய்கின்றன. சாதாரணமாக ஒரு செல்லில் நேரும் பிழைகளைவிட ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு வேகத்தில். முன்பு சொன்ன கடையில், ஏறத்தாழ பொருந்திய சட்டையை எடுத்து, அங்கே ஒரு அங்குலம் பிடித்து, இங்கே கொஞ்சம் விட்டு, பல மாதிரி தைத்துப் பார்ப்பது போல. பெரும்பாலான மாற்றங்கள் பொருத்தத்தைக் கெடுத்துவிடும். சில மட்டும் முன்பைவிட நன்றாகப் பொருந்தும்.

எது நல்லது என்று எப்படி முடிவாகிறது? முளைமையத்தில் டாக்ஸாய்டு கொஞ்சம்தான் இருக்கும், அதற்குப் போட்டி. இறுக்கமாக ஒட்டும் பி செல் அதிகமாகப் பிடித்துக்கொள்கிறது, அதிகத் துண்டுகளைக் காட்டுகிறது, டி செல்லின் உதவியை அதிகம் பெறுகிறது. சரியாக ஒட்டாத செல்களுக்கு உதவி கிடைக்காது, அவை தாமாகவே இறந்துவிடுகின்றன. தப்பியவை மறுபடி பிரிந்து, மறுபடி பிழை செய்து, மறுபடி போட்டி போடுகின்றன. சில வாரங்கள் இப்படி ஓடினால், தொடக்கத்தில் இருந்ததைவிடப் பல மடங்கு இறுக்கமாக நச்சைப் பிடிக்கும் செல்கள் மிஞ்சுகின்றன.

அவை இரண்டு வழியாகப் பிரிகின்றன. ஒரு பகுதி பிளாஸ்மா செல்களாக மாறி எலும்பு மஜ்ஜையில் போய்த் தங்குகின்றன, ஒவ்வொன்றும் ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கான ஆன்டிபாடிகளை வெளிவிடும். மற்றொரு பகுதி நினைவு செல்களாக அமைதியாகச் சுற்றிவரும், அதே வடிவத்தை மறுபடி கண்டால் உடனே பெருகத் தொடங்கும்.

ஆன்டிபாடி என்பது என்ன? அது நச்சை எப்படி நிறுத்துகிறது?

பி செல்லின் ஏற்பி, மேற்பரப்பில் ஒட்டி நிற்காமல் வெளிவிடப்பட்டு இரத்தத்தில் மிதந்தால் அதுதான் ஆன்டிபாடி. இரண்டு கைகள் உள்ள ஒய் வடிவப் புரதம். அது நச்சின் மேல் ஒட்டும்போது, நரம்பைப் பிடிக்க நச்சுக்குத் தேவையான பகுதி மறைந்துவிடுகிறது. நரம்பில் ஒட்ட முடியாத நச்சு எதுவும் செய்ய முடியாமல் கிடக்க, வேறு செல்கள் வந்து அதைத் தின்று செரித்துவிடும்.

பாதுகாப்பு இரத்த நீரில்தான் இருக்கிறது என்பது 1890இலேயே தெரிந்துவிட்டது. பெர்லினில் எமில் ஃபான் பேரிங்கும் ஷிபாசாபுரோ கிடசாடோவும் டெட்டனஸைத் தாங்கும்படி பழக்கிய முயலின் இரத்தத்தை எடுத்து எலிகளுக்குச் செலுத்தினார்கள். பிறகு அந்த எலிகளுக்கு டெட்டனஸ் கிருமியைக் கொடுத்தார்கள். அவை பிழைத்தன. முயலின் இரத்தம் பெறாத எலிகள் இறந்தன. செல்கள் இல்லாத தெளிந்த சீரத்துக்கும் இந்தச் சக்தி இருந்தது.

ஒரு ஊசி போதாதா? ஏன் மூன்று, அதுவும் நாலு வாரம் விட்டு விட்டு?

முதல் ஊசிக்குப் பிறகு கிடைக்கும் ஆன்டிபாடி குறைவு, அதுவும் சீக்கிரம் இறங்கிவிடும். முதல் ஊசியை மட்டும் போட்டுக்கொண்டவருக்கு நம்பத்தகுந்த பாதுகாப்பு கிடையாது. அது செய்யும் வேலை, பொருந்தும் செல்களின் எண்ணிக்கையைக் கூட்டி வைப்பது.

இரண்டாவது ஊசி வரும்போது தொடக்கப் புள்ளியே வேறு. இப்போது அங்கே காத்திருப்பவை சோதித்துத் தேறிய நினைவு செல்கள். அதனால் ஆன்டிபாடி சில நாட்களிலேயே வேகமாக ஏறுகிறது. மூன்றாவது ஊசி அதை இன்னும் உயர்த்தி, மஜ்ஜையில் தங்கும் பிளாஸ்மா செல்களைக் கூட்டுகிறது.

இடைவெளிக்குக் காரணம் முளைமையத்தின் வேகம்தான். முந்தின சுற்றின் போட்டி முடியாமலே அடுத்த ஊசியைப் போட்டால், தேறிய நினைவு செல்கள் இன்னும் தயாராகியிருக்காது. போதாததற்கு, முதல் ஊசியால் உண்டான ஆன்டிபாடிகள் புதிதாக வந்த டாக்ஸாய்டை மூடி அகற்றிவிடும். முதல் இரண்டு ஊசிகளுக்கு நடுவே குறைந்தது நாலு வாரம் விடுவது இதற்காகத்தான்.

நடுவில் ஒரு ஊசியை விட்டுவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

வேண்டாம். நினைவு செல்கள் நாள் தள்ளிப்போனதால் அழிந்துவிடுவதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். ஆனால் விடுபட்ட காலத்தில் பாதுகாப்பு குறைவாக இருக்கும்.

நினைவு செல்கள் இருக்கும்போது, பிறகு எதற்குப் பூஸ்டர்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரத்தத்தில் உள்ள ஆன்டிபாடிகளில் பாதி ஏறத்தாழ மூன்று வாரத்தில் சிதைந்துவிடும். இன்று 100 இருந்தால் மூன்று வாரத்தில் 50, ஆறு வாரத்தில் 25, பன்னிரண்டு வாரத்தில் சுமார் 6. ஒரு ஆண்டில் பதினேழு முறை பாதியாகும். அப்படியானால் லட்சத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஆனால் மூன்று ஊசியும் பூஸ்டரும் போட்டவர்களைச் சோதித்தால், பத்து ஆண்டு கழிந்தும் ஆன்டிபாடி இருக்கிறது. ஆக, மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா செல்கள் இடைவிடாமல் புதிதாகச் செய்துகொண்டே இருக்கின்றன. அந்தச் செல்களில் சில காலப்போக்கில் குறையும்போது அளவும் மெல்ல மெல்ல இறங்குகிறது.

இறங்கினால் என்ன, நினைவு செல்கள் விழித்துக்கொள்ளாதா? பல நோய்களில் விழித்துக்கொள்ளும். டெட்டனஸில் அதை நம்ப முடியாது. நினைவு செல்கள் பெருகி ஆன்டிபாடியை நிரப்பச் சில நாட்கள் ஆகும், நச்சோ அதற்குள் நரம்பில் ஏறிவிடலாம். முன்பு சொன்ன 3 முதல் 21 நாள் இடைவெளி ஞாபகம் இருக்கிறதா? அந்த நாட்களில் நச்சு ஏற்கெனவே நரம்பின் உள்ளே பயணத்தில் இருக்கும். நரம்புக்குள் போனதை ஆன்டிபாடி தொட முடியாது. எனவே காயம் படும் அந்தக் கணத்திலேயே இரத்தத்தில் போதுமான ஆன்டிபாடி மிதந்துகொண்டிருக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் மொத்தம் ஆறு ஊசிகளைப் பரிந்துரைக்கிறது. குழந்தைப் பருவத்தில் முதல் மூன்று, பிறகு இரண்டாவது வயதிலும், 4 முதல் 7 வயதுக்குள்ளும், 9 முதல் 15 வயதுக்குள்ளும் ஒவ்வொன்று.

டெட்டனஸ் வந்து பிழைத்தவருக்கு இனி ஊசி தேவையில்லைதானே?

தேவை. அம்மை வந்துபோனவருக்கு அது மறுபடி வருவது மிக அரிது. ஆனால் டெட்டனஸ் வந்து பிழைத்தவருக்கு அது இரண்டாம் முறையும் வரலாம். காரணம் அளவு. ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறத்தாழ 2.5 நானோகிராம் நச்சே உயிரைப் பறிக்கப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 40 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 100 நானோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமைப் பத்தாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. பி செல்களை எழுப்ப அது போதவே போதாது. உயிரைக் கொல்லும் அளவே எதிர்ப்பை உண்டாக்கும் அளவைவிடக் குறைவு. ஊசியில் இருக்கும் டாக்ஸாய்டு அதைவிடப் பல மடங்கு அதிகம், முடக்கப்பட்டது என்பதால் அவ்வளவு கொடுக்க முடிகிறது. இங்கே நோயைவிடத் தடுப்பூசி நல்ல ஆசிரியர்.

அடிபட்ட பிறகு சில பேருக்கு இரண்டு ஊசி போடுகிறார்களே?

இதுவரை தடுப்பூசி சரியாகப் போடாதவருக்கு அழுக்கான ஆழமான காயம் என்றால், தடுப்பூசி வேலை செய்யும்வரை காத்திருக்க நேரமில்லை. அதனால் வேறொருவரின் இரத்தத்திலிருந்து எடுத்த ஆயத்த ஆன்டிபாடியை ஒரு ஊசியாகக் கொடுக்கிறார்கள். அதற்கு இம்யூனோகுளோபுலின் என்று பெயர். அது உடனே வேலை செய்யும், ஆனால் சில வாரங்களில் கரைந்துவிடும், உடம்பு அதிலிருந்து எதையும் கற்காது. இன்னொரு இடத்தில் போடும் டாக்ஸாய்டு மெதுவாகக் கற்றுக்கொடுக்கும். ஒன்று இன்றைக்கு, மற்றது நாளைக்கு.

மருந்தை ஃப்ரீசரில் வைத்தால் இன்னும் பத்திரமாக இருக்குமே?

இந்த மருந்தை உறைய வைத்தால் கெட்டுவிடும். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ்தான் அதற்கு ஏற்றது. உறையும்போது அலுமினியத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், உருகினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. அப்புறம் ஊசி போட்டால் உடம்பு சரியாகக் கற்றுக்கொள்ளாது.

உறைந்து உருகியதா என்று பார்வைக்கே கண்டுபிடிக்கும் சோதனை ஒன்று உண்டு. சந்தேகமான குப்பியையும், அதே தயாரிப்பில் வேண்டுமென்றே உறையவைத்து உருக்கிய ஒரு குப்பியையும் கையில் எடுத்துக் குலுக்கி, பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைக்கிறார்கள். உறைந்திருந்த குப்பியில் துகள்கள் கனமான செதில்களாக மளமளவென்று அடியில் படிந்து, மேலே நீர் தெளிந்துவிடும். நல்ல குப்பி வெகு நேரம் பால்போலக் கலங்கியே இருக்கும். சந்தேகக் குப்பி உறைந்ததைப் போலவே சீக்கிரம் படிந்தால், அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

எனக்குக் கை வலிக்கவே இல்லை. ஊசி வேலை செய்யவில்லையா?

செய்திருக்கும். வலி என்பது ஊசி போட்ட இடத்தின் எரிச்சல். பாடம் நடப்பது அக்குளில், வாரக்கணக்கில், உனக்குத் தெரியாமல். வலித்தாலும் வலிக்காவிட்டாலும் அதனால் பாதுகாப்பை அளக்க முடியாது. இரத்தத்தில் உள்ள ஆன்டிபாடியை அளந்தால்தான் தெரியும்.

ஊசி போட்டபின் சிறிது நேரம் அங்கேயே உட்கார வைக்கிறார்கள் அல்லவா, அது வேறு காரணத்துக்காக. மிக மிக அரிதாக, பத்து லட்சம் ஊசிகளில் ஏறத்தாழ ஒருவருக்குக் கடுமையான ஒவ்வாமை வரலாம். அது பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும், உடனே மருந்து கொடுக்கலாம்.

என் வகுப்பில் எல்லாரும் போட்டுக்கொண்டால் நான் போடாவிட்டாலும் தப்பிக்கலாமா?

தட்டம்மையில் ஓரளவு அப்படி நடக்கும், ஏனென்றால் அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும். சுற்றியுள்ளவர்களிடம் நோய் பரவாவிட்டால் உனக்கும் வராது. டெட்டனஸ் மண்ணிலிருந்து வருகிறது, மனிதரிடமிருந்து அல்ல. உன் நண்பர்களின் ஆன்டிபாடி உன் காலில் குத்திய முள்ளுக்கு எந்த விதத்திலும் உதவாது.

பிறந்த குழந்தைக்கு யார் பாதுகாப்பு கொடுப்பார்கள்?

அம்மா. தொப்புள்கொடியை அழுக்கான கருவியால் அறுத்தால் பச்சிளம் குழந்தைக்கே டெட்டனஸ் வரும். குழந்தைக்குத் தடுப்பூசி போட்டு, அது கற்றுக்கொள்ளக் காத்திருக்க நேரமில்லை. ஆனால் கர்ப்பிணிக்கு ஊசி போட்டால், அவர் செய்யும் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்விடும். குழந்தை அதைக் கடனாக வாங்கிக்கொண்டு பிறக்கிறது. அது சில மாதங்களில் கரைந்துவிடும், அதற்குள் குழந்தையின் சொந்த ஊசிகள் தொடங்கிவிடும்.

எல்லாத் தடுப்பூசியும் இதே மாதிரிதானா?

பொருந்தும் செல்லைத் தேர்ந்து பெருக்குவது எல்லாவற்றுக்கும் பொது. கொடுக்கும் பொருள்தான் மாறும். தட்டம்மை ஊசியில் இருப்பது பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். அது உடம்பில் கொஞ்சம் பெருகுவதால் பாடம் ஆழமாகப் பதிகிறது, பெரும்பாலும் இரண்டு டோஸ் வாழ்நாளுக்குப் போதும். அந்த இரண்டாவது டோஸ் முதல்முறை கற்காமல் போன சிலருக்காக, அவர்களுக்கு இன்னொரு வாய்ப்பாக. இன்ஃப்ளூயன்சாவில் சிக்கல் வேறு: உடம்பு நன்றாகவே கற்றுக்கொள்ளும், ஆனால் வைரஸ் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், அதனால் ஆண்டுதோறும் ஊசியும் புதிதாக வேண்டியிருக்கிறது. டெட்டனஸ் நச்சு அப்படி மாறுவதில்லை, எனவே இன்றும் அதே டாக்ஸாய்டுதான் பயன்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தினருக்கு இந்த ஊசியைப் போட்டிருந்தார்கள். அந்தப் போர் முழுக்க அவர்களில் டெட்டனஸ் வந்தவர்கள் 12 பேர் மட்டுமே. அவர்களிலும் சிலர் ஊசிகளை முழுமையாகப் போட்டிராதவர்கள்.